சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது

பீன்யா தொழிற்பேட்டையில் கன்வேயர் வைத்திருக்கும் தொழிற்சாலைகளின் பராமரிப்புத் தலைவர்களுக்கும் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு பராமரிப்பு எலக்ட்ரீசியன். சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்துகொண்டு 19 வருடங்களாகப் பீன்யாவுக்கு வேலைக்கு வந்துபோகிறேன். மூன்று தொழிற்சாலைகளில் வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றில் நடந்ததைப் பற்றித்தான் இந்த மடல். எந்தத் தொழிற்சாலை என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த அதே தாள் உங்களில் பலருடைய பேனல் அறையிலும் ஒட்டப்பட்டிருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தத் தாள் கன்வேயர் மோட்டாரில் வேலை செய்வதற்கான லாக்அவுட் டேக்அவுட் செய்முறை. ஆங்கிலத்தில் ஐந்து வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: கன்வேயரை நிறுத்தவும். மெயின் பிரேக்கரை ஆஃப் செய்யவும். பூட்டுப் போட்டு அட்டை மாட்டவும். ஸ்டார்ட் பட்டனை அழுத்திச் சரிபார்க்கவும். வேலையைத் தொடங்கவும்.

படித்தால் தப்பாக எதுவும் தெரியாது. நான் அந்த ஐந்து வரியையும் ஒன்று விடாமல் செய்தேன். அப்படியும் என்னோடு வேலை செய்த தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன.

அது ஒரு வார்ப்பாலை. அச்சிலிருந்து உதிர்ந்த மணலை மேலே இருக்கும் தொட்டிக்குக் கொண்டுபோகும் சாய்வுக் கன்வேயர். பெல்ட் தரையிலிருந்து மேலே ஏறும் நீளம் 18 மீட்டர், சாய்வு ஏறக்குறைய 15 டிகிரி. மேல் முனையில் டிரம், அதோடு ஒரு கியர்பாக்ஸ், அதற்கு முன்னால் கப்ளிங், அப்புறம் 5.5 கிலோவாட் மோட்டார். மோட்டாரின் பின்பக்கத்திலேயே பிரேக் இருந்தது. கரண்ட் வந்தால் பிரேக் திறக்கும், கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்தி மூடிக்கொள்ளும். மணல் ஏற்றிய பெல்ட் நின்றுபோனால் பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்வது அந்த பிரேக்தான்.

அன்று காலை ஷிஃப்டில் மோட்டார் பக்கம் கரகரவென்று சத்தம். பேரிங்காக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம், கப்ளிங் ரப்பராகவும் இருக்கலாம். கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் அறையில் சொல்லி நிறுத்தச் சொன்னேன். கீழே போய் எம்சிசி பேனலில் அந்தக் கன்வேயரின் பிரேக்கரை ஆஃப் செய்து என் பூட்டைப் போட்டேன், பெயர் எழுதிய அட்டையை மாட்டினேன், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினேன். இதற்குள் தம்பி கப்ளிங் மேலிருந்த கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாளில் இருந்த நான்காவது வரிக்கு வந்தேன். வாக்கிடாக்கியில் கண்ட்ரோல் அறையைக் கூப்பிட்டு, "சார், ஒருமுறை ஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்" என்றேன்.

மோட்டார் ஓடவில்லை. பூட்டியிருந்ததால் ஓடாது என்பது சரிதான். ஆனால் பிரேக் 'டக்' என்று திறந்த சத்தம் கேட்டது. பெல்ட் பின்னால் சரிந்தது. கப்ளிங் சுற்றியது. "அண்ணா" என்று ஒரு குரல். இரண்டு விநாடி கழித்து பிரேக் தானாகவே மூடிக்கொண்டது.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அன்று மாலை வரை ஆனது. அந்த மோட்டார் முதலில் நேரடி ஸ்டார்ட்டரில் ஓடியது. அப்போது பிரேக்குக்கான கரண்ட் மோட்டார் டெர்மினலிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் இல்லையென்றால் பிரேக்குக்கும் இல்லை. பிறகு வேகத்தைக் கூட்டிக் குறைக்க விஎஃப்டி டிரைவ் போட்டார்கள். டிரைவ் கொடுக்கும் கரண்டில் வோல்டேஜும் அதிர்வெண்ணும் மாறிக்கொண்டே இருக்கும், பிரேக் காயிலுக்கு அது ஒத்துவராது. அதனால் பிரேக்குக்குத் தனி லைன் இழுத்துத் தனி கான்டாக்டர் வைக்க வேண்டும். அதையும் முறைப்படியே செய்திருந்தார்கள். அந்த லைன் எங்கிருந்து வந்தது என்றால், எம்சிசியிலிருந்து இல்லை, கண்ட்ரோல் பேனலிலிருந்து. பிஎல்சி ஸ்டார்ட் கொடுத்தால் ஒரே நேரத்தில் டிரைவுக்கும் பிரேக் கான்டாக்டருக்கும் கட்டளை போகும். டிரைவ் ஓடுகிறது என்ற பதில் இரண்டு விநாடிக்குள் வராவிட்டால் பிஎல்சி கட்டளையை விலக்கிக்கொள்ளும். நாங்கள் பட்ட இரண்டு விநாடி அதுதான்.

நான் பூட்டியது மோட்டாரின் கரண்டை. தம்பியின் விரலைப் பறித்தது பெல்ட்டில் கிடந்த மணலின் எடை. அந்த எடையைப் பிடித்து வைத்திருந்த ஒரே பிடியை என் சோதனையே திறந்துவிட்டது.

மீட்டருக்குச் சுமார் 15 கிலோ மணல் என்று வைத்துக்கொண்டால் 18 மீட்டருக்கு 270 கிலோ. 15 டிகிரி சாய்வில் அதில் கால்பங்குக்குச் சற்று மேல், ஏறக்குறைய 70 கிலோ பாரம், பெல்ட்டைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வளர்ந்த ஆள் பெல்ட்டில் தொங்குவதைப் போல. பெல்ட் சரிந்தது சுமார் 30 சென்டிமீட்டர்தான். 400 மில்லிமீட்டர் டிரம்முக்கு அது கால் சுற்று. ஆனால் கியர்பாக்ஸ் விகிதம் 25. டிரம் கால் சுற்று சுற்றினால் மோட்டார் பக்கத்துக் கப்ளிங் ஆறு சுற்று சுற்றும். பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது லேசாக அசைந்தது போலத்தான் தெரிந்தது. கப்ளிங்கில் கை வைத்திருந்தவனுக்கு அது ஆறு சுற்று.

விசாரணை அறிக்கையில் "ஊழியர் கவனக்குறைவாகச் சுழலும் பாகத்தில் கை வைத்தார்" என்று எழுதினார்கள். தம்பி கவனக்குறைவானவன் இல்லை. பூட்டு விழுந்த பிறகுதான் கை வைத்தான். என்னிடமும் தப்பு உண்டு. கை விலகியிருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டார்ட் கொடுக்கச் சொன்னேன். அதை அறிக்கையில் நானே எழுதச் சொன்னேன். ஆனால் அந்தத் தாளில் பிரேக் என்ற சொல்லே இல்லை. மணல் என்ற சொல்லும் இல்லை. அதை வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொன்னவர்களின் பங்கு அறிக்கையில் எங்கும் வரவில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஆலை முழுவதற்கும் ஒரே தாள் என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கன்வேயருக்கும் அதன் மோட்டாருக்கென்று தனியாக ஒரு செய்முறை எழுதுங்கள். அந்தச் சாய்வுக் கன்வேயருக்கு நாங்கள் பிறகு எழுதியது எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன். உங்கள் இயந்திரத்துக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. எந்தெந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

முதல் விஷயம், வேலை எங்கே தொடங்குகிறது என்பது. பழைய தாள் "நிறுத்தவும்" என்று ஆரம்பித்தது. எங்கள் புதிய செய்முறை கன்வேயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பிக்கிறது. மணலைக் கொட்டும் கீழ்த்தொட்டியின் கதவை முதலில் மூட வேண்டும், பெல்ட் ஒரு முழுச் சுற்று ஓடி மணல் எல்லாம் மேலே கொட்டும்வரை விட வேண்டும், பெல்ட் வெறுமையாக இருப்பதை ஓர் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறுத்த வேண்டும். மோட்டார் நல்லபடியாக ஓடும் அந்தச் சில நிமிடங்களில்தான் 270 கிலோவையும் சுலபமாக இறக்க முடியும். நிறுத்திவிட்டால் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான். சத்தம் வரும் மோட்டாரை இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டினால் பேரிங் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். பேரிங்கை எப்படியும் மாற்றத்தானே போகிறோம். புகை, கருகல் வாடை, பிரேக்கர் டிரிப் ஆவது போன்றவை இருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

அப்படி மணலோடு நின்றுபோனால் வேறு வழி. பெல்ட்டின் இரு ஓரத்திலும் கிளாம்ப் போட்டு, அதைக் கன்வேயரின் இரும்புச் சட்டத்தோடு செயினால் கட்ட வேண்டும். கிளாம்ப் சட்டத்தில்தான் கட்டப்பட வேண்டும், ரோலரில் இல்லை. அதற்குப் பிறகு மணலை வாரிக் காலியாக்கலாம். நீளமான கன்வேயர்களில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு கனமான எடை தொங்கிக்கொண்டிருக்கும். உங்களுடையதில் அது இருந்தால் அதையும் தாங்கு கொடுத்து நிறுத்துங்கள். பெல்ட்டைத் தளர்த்தும் வேலையென்றால் அது கட்டாயம்.

மோட்டாரையே கழற்றி எடுக்கும் வேலை என்றால் இது இன்னும் முக்கியம். பிரேக் மோட்டாரின் பின்னாலேயே இருக்கிறது, ஆகவே மோட்டாரை எடுத்தால் பிரேக்கையும் எடுத்துவிடுகிறோம். பெல்ட்டைப் பிடித்திருந்த கையையும் சேர்த்துக் கழற்றுகிறோம். கியர்பாக்ஸுக்குள் பின்சுற்றைத் தடுக்கும் அமைப்பு தனியாக இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களுடையதில் இல்லை. சிலர் கியர்பாக்ஸ் தானே பிடிக்கும் என்பார்கள். வார்ம் கியர் சில சமயம் பிடிக்கும், அதையும் நம்பிக் கை வைக்கக் கூடாது. எங்களுடைய ஹெலிக்கல் கியர் கொஞ்சமும் பிடிக்காது.

இதெல்லாம் நாங்களாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் 1989இல் வெளியிட்ட 1910.147 என்ற விதி, பூட்டிய பிறகு இயந்திரத்தில் மிச்சமிருக்கும் சக்தியை வெளியேற்ற வேண்டும், அல்லது அசையாமல் பிடித்து வைக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 24ஆம் பிரிவில், தவறுதலாக ஆஃபிலிருந்து ஆனுக்கு நகரக்கூடிய சாதனத்தைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று எழுதியிருந்தது. பூட்டைப் பற்றி நம்மிடம் சட்டமே பேசியது. பெல்ட்டில் கிடக்கும் மணலைப் பற்றி நம் தாளும் பேச வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது, எத்தனை இடத்திலிருந்து கரண்ட் வருகிறது என்பது. "மெயின் பிரேக்கர்" என்று ஒருமையில் எழுதியதுதான் எங்களைக் கவிழ்த்தது. அந்த மோட்டாருக்கு மொத்தம் மூன்று லைன்கள் போகின்றன. டிரைவ் வழியாக 415 வோல்ட். கண்ட்ரோல் பேனலிலிருந்து பிரேக்குக்கு 230 வோல்ட். மூன்றாவது, மோட்டாருக்குள் ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு ஹீட்டர், அதுவும் 230 வோல்ட், அது லைட்டிங் பேனலிலிருந்து வருகிறது. இந்த ஹீட்டரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டார் ஓடும்போது அது அணைந்திருக்கும், மோட்டார் நின்றதும் தானாகவே வேலை செய்ய ஆரம்பிக்கும். அதாவது, நாம் வேலை செய்யப்போகும் நேரத்தில்தான் அந்த டெர்மினலில் கரண்ட் வரும். சில மோட்டார்களில் தனியாக ஒரு குளிரூட்டும் ஃபேன் இருக்கும், அதற்கும் தனி லைன்.

லைன்களை டிராயிங்கைப் பார்த்து மட்டும் எழுதாதீர்கள். எங்கள் டிராயிங் டிரைவ் போடுவதற்கு முன்னால் வரைந்தது. ஞாயிற்றுக்கிழமை உற்பத்தி இல்லாத நாளில், மோட்டார் டெர்மினல் பாக்ஸிலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து ஒவ்வொன்றும் எந்தப் பேனலின் எந்த பிரேக்கரில் முடிகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அரை நாள் ஆனது. அப்படிப் பார்த்ததில்தான் எம்சிசியில் பக்கத்துப் பக்கத்துக் கன்வேயர்களின் பெயர்ப்பலகைகள் இரண்டு இடம் மாறியிருப்பதும் தெரிந்தது. பேனலைப் பெயின்ட் அடித்தபோது கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ. இப்போது மூன்று பிரேக்கர்களின் படமும் பேனலின் பெயரும் மோட்டார் பக்கத்திலேயே ஒரு பலகையில் இருக்கின்றன. மூன்றிலும் பூட்டு விழுந்தால்தான் மேலே ஏறலாம்.

ஸ்டாப் பட்டன், சிவப்பு எமர்ஜென்சி பட்டன், பெல்ட் ஓரத்தில் இழுக்கும் கயிறு, இவற்றில் எதுவும் பூட்டுக்கு மாற்றில்லை. அவை கண்ட்ரோல் சர்க்யூட்டை மட்டும்தான் அறுக்கின்றன. மோட்டார் டெர்மினலுக்குப் போகும் பவர் லைனில் கண்ணுக்குத் தெரியும் பிரிவு எதுவும் அவற்றால் உண்டாவதில்லை. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கரண்ட் நிற்காது.

மூன்றாவது, ஸ்டார்ட் கொடுத்துப் பார்க்கும் அந்த வரி. இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்யும் முன் பெல்ட் காலியாக இருக்க வேண்டும், கூண்டு மாட்டியபடியே இருக்க வேண்டும், ஒவ்வொருவரும் கன்வேயரை விட்டு விலகி நிற்பதை ஸ்டார்ட் கொடுக்கச் சொல்பவர் கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும். கூண்டைக் கழற்றுவது அதற்கு அப்புறம்தான். சோதித்த பிறகு பட்டனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கண்ட்ரோல் அறையில் ஸ்டார்ட் கட்டளையை அப்படியே விட்டுவிட்டால், வேலை முடிந்து பிரேக்கரைப் போட்டதும் கன்வேயர் தானாகக் கிளம்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டார்ட் கொடுத்து ஓடவில்லை என்பதால் கரண்ட் இல்லை என்று ஆகிவிடாது. யாரோ கயிற்றை இழுத்துவிட்டு மீட்டெடுக்காமல் இருந்தாலும் ஓடாது. மேல் கன்வேயர் நின்றிருந்தால் இன்டர்லாக் காரணமாக இதுவும் ஓடாது. டிரைவ் ஃபால்ட்டில் இருந்தாலும் ஓடாது. இந்த எல்லா நிலையிலும் டெர்மினலுக்கு அருகே முழு வோல்டேஜ் காத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஸ்டார்ட் சோதனை சரியான பிரேக்கரைத்தான் பூட்டினோமா என்பதற்கு ஒரு குறிப்பு மட்டும். கடைசிச் சொல் மீட்டருடையது.

மீட்டர் வைப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் இடத்தில் வைத்து மீட்டர் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு மோட்டார் டெர்மினலில் மூன்று ஃபேஸுக்கும் இடையே மூன்று முறை, ஒவ்வொரு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று முறை. பிரேக் டெர்மினலிலும் ஹீட்டர் டெர்மினலிலும் தனித்தனியாக. அதற்குப் பிறகு மறுபடியும் அதே தெரிந்த இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நடுவில் மீட்டரின் ஃபியூஸ் போயிருந்தாலோ ஒயர் அறுந்திருந்தாலோ அது எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் காட்டும். அந்தப் பூஜ்யத்தை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. ஒயருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விளக்கெரியும் பேனா டெஸ்டரை வைத்து மட்டும் 'கரண்ட் இல்லை' என்று முடிவு செய்யாதீர்கள்.

டிரைவ் இருக்கும் இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். 415 வோல்ட் டிரைவின் உள்ளே கெப்பாசிட்டர்களில் சுமார் 585 வோல்ட் டிசி சேர்ந்திருக்கும். பிரேக்கரை ஆஃப் செய்த பிறகும் அது இறங்க நேரமாகும். எத்தனை நிமிடம் என்று டிரைவின் மேலேயே லேபிளில் எழுதியிருப்பார்கள். சின்னதில் 5 நிமிடம், பெரியதில் அதைவிடக் கூடுதல். டிரைவில் கை வைக்கும் வேலை என்றால் அந்த நேரம் காத்திருந்து, டிசி டெர்மினல்களில் அளந்து 50 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான். திரையில் விளக்கு அணைந்துவிட்டதே என்பது அளவு ஆகாது.

நான்காவது, பூட்டு யாருடையது என்பது. அன்று பேனலில் என் பூட்டு மட்டும்தான் இருந்தது. தம்பியிடம் பூட்டே கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்குப் பூட்டு கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. என் சாவியை நான் எடுத்துப் பூட்டைத் திறந்திருந்தால் அவன் மேலே கப்ளிங்கில் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆறு துளை உள்ள ஹாஸ்ப் ஒன்று மாட்டினால் ஆறு பேர் தனித்தனிப் பூட்டுப் போடலாம். கடைசி ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை பிரேக்கர் நகராது. மூன்று பேனல்களிலும் ஒவ்வொருவரும் பூட்டுவது சிரமம் என்றால், பேனல் பூட்டுகளின் சாவிகளை ஒரு பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியில் எல்லோரும் ஆளுக்கொரு பூட்டுப் போடலாம். ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் இருக்க வேண்டும். ஸ்டோரில் மாற்றுச் சாவி வைத்திருந்தால் அது பூட்டே இல்லை.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் வேலை செய்யும் ஆளால் படிக்க முடிய வேண்டும். நம் தொழிற்பேட்டையில் ஒரே ஷெட்டில் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா பேசுகிறவர்கள் இருக்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட அட்டை பாதிப் பேருக்கு வெறும் சிவப்புத் தாள். பூட்டியவரின் போட்டோ, பெயர், செல் நம்பர், தேதி, என்ன வேலை, இவ்வளவு போதும். போட்டோவை எல்லோராலும் படிக்க முடியும்.

நடுவில் ஒரு கட்டம் வரும். புதுப் பேரிங் போட்டு மோட்டாரை வைத்த பிறகு, கப்ளிங்கை மாட்டும் முன் அது சரியான பக்கம் சுற்றுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு ஃபேஸ் மாறிப்போனால் பெல்ட் தலைகீழாக ஓடும். இந்த "ஒரு நிமிடம்தானே" என்ற இடத்தில்தான் செய்முறை கைவிடப்படுகிறது. பூட்டுகளை எடுத்து, ஓட்டிப் பார்த்து, அப்படியே கப்ளிங்கில் கை வைத்துவிடுவார்கள். எங்கள் தாளில் அதைத் தனிப் பத்தியாக எழுதினோம். கருவிகளை எடுத்தாயிற்றா, ஆட்கள் விலகினார்களா என்று பார்த்து, ஒவ்வொருவரும் தன் பூட்டைத் தானே எடுத்து, ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து பூட்டி, மறுபடியும் மீட்டர் வைக்க வேண்டும். 20 நிமிடம் கூடுதலாகும். அந்த 20 நிமிடத்தை வேலை நேரக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட்டோம். அப்போதுதான் உற்பத்தி மேனேஜர் வந்து நின்று "இன்னும் ஆகவில்லையா" என்று கேட்க மாட்டார்.

ஷிஃப்ட் மாறும்போது வருகிற ஆள் தன் பூட்டைப் போட்ட பிறகுதான் போகிற ஆள் தன் பூட்டை எடுக்க வேண்டும். யாராவது பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் கட்டரைத் தேடாதீர்கள். அவர் ஆலைக்குள் இல்லை என்பதைத் தேடி உறுதி செய்து, போனில் கூப்பிட்டுப் பேசி, இயந்திரத்தை நேரில் பார்த்து, பொறுப்பாளர் கையெழுத்தோடு எடுக்கலாம். மறுநாள் அவர் வேலையில் கை வைக்கும் முன் "உன் பூட்டை எடுத்துவிட்டோம்" என்று சொல்லியாக வேண்டும்.

கன்வேயர் ஓடும்போது எதையுமே செய்யக் கூடாதா என்று கேட்பீர்கள். கூண்டுக்கு வெளியே நின்று செய்கிறவற்றைச் செய்யலாம். வெப்பத்தைத் தூரத்திலிருந்து அளக்கலாம், அதிர்வைப் பார்க்கலாம், சத்தம் கேட்கலாம். கிரீஸ் விஷயம் மட்டும் சிக்கல். மோட்டார் பேரிங்குக்கு ஓடும்போது கிரீஸ் வைத்தால்தான் சீராகப் பரவும் என்பது உண்மை. அதற்காகச் சிலர் கூண்டைத் தூக்கிக் கையை உள்ளே விடுகிறார்கள். கிரீஸ் நிப்பிளிலிருந்து ஒரு செம்புக் குழாயைக் கூண்டுக்கு வெளியே கொண்டுவந்து விடுங்கள். அரை மணி நேர வேலை. கை உள்ளே போக வேண்டிய தேவையே இராது.

தாளை எழுதி ஒட்டிய பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது, அந்த வேலையைச் செய்யாத வேறொருவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். புது டிரைவ் போட்டாலோ, பேனலை மாற்றினாலோ, ஒரு கேபிளை நகர்த்தினாலோ அன்றே பார்க்கட்டும். எங்கள் பிரேக் லைன் மாறிய அன்று யாராவது அந்தத் தாளைத் திருத்தியிருந்தால் போதும்.

தம்பி இப்போது வேறொரு இடத்தில் ஸ்டோரில் வேலை செய்கிறான். ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை என்று அவனே கேட்டு மாற்றிக்கொண்டான். போன மாதம் பீன்யா மெட்ரோ நிலையத்தில் பார்த்தேன். "அண்ணா, இப்ப அங்கே ஹெல்ப்பருங்களுக்கும் பூட்டு குடுக்கிறாங்களாமே?" என்று கேட்டான். குடுக்கிறாங்க என்றேன். உங்கள் ஆலையிலும் அப்படித்தானா என்பதை நீங்கள் நாளைக் காலை ஷிஃப்டில் கீழே இறங்கி, மோட்டார் பக்கத்தில் நிற்கும் ஹெல்ப்பரின் இடுப்பில் பூட்டு தொங்குகிறதா என்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். தாளைத் திருத்தும்போது எங்களைப் போன்றவர்களையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். அந்தக் கேபிள் எங்கே போகிறது என்பதைக் காட்ட நான் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பு எலக்ட்ரீசியன்
ஸ்ரீராமபுரம், பெங்களூரு